கேக் 6.05க்கு, யாருக்காகவும் காத்திருக்காது

கேள்வி: பெண்ணுக்கு அடுத்த மாதம் 6 வயது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டிலேயே பர்த்டே வைக்கலாம் என்று இருக்கிறோம். போன வருஷம் நாத்தனார் வரட்டும் என்று காத்திருந்து கேக் வெட்ட 8 மணி ஆகிவிட்டது, பாதிக் குழந்தைகள் தூக்கம், மீதி அழுகை. 200 இட்லி அவித்து 100 மிச்சம். நான் ஒரு போட்டோவில்கூட இல்லை. இந்த முறையாவது ஒழுங்காக நடத்த வழி சொல்லுங்கள். (வாசகி, திருச்சி)

பதில்: முதலில் கேக் வெட்டும் நேரத்தை எழுதி வையுங்கள், மற்றதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஞாயிறு என்பதால் ஒரு சிக்கல் இருக்கிறது, 4.30 முதல் 6 வரை ராகு காலம். உங்களுக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, சரியாகக் கத்தியைக் கையில் எடுக்கும்போது வீட்டுப் பெரியவர்களில் யாராவது ஒருவர் காலண்டரைப் பார்ப்பார், பிறகு எல்லோரும் நின்றுகொண்டே 6 மணிக்குக் காத்திருக்க வேண்டும். அதனால் நாமே முந்திக்கொண்டு 6.05 என்று வைத்துவிடலாம். இது உண்மையில் வசதியான நேரம்தான். 4.45க்குக் குழந்தைகள் வர ஆரம்பித்தால் விளையாட ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கிறது, 6.05க்குக் கேக், 6.20க்குச் சாப்பாடு, 7.15க்கு எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

அழைப்பில் முடியும் நேரத்தையும் போடுங்கள். நம் ஊரில் ஆரம்பிக்கும் நேரத்தை மட்டும் போடுவது பழக்கம், அதனால்தான் 7 மணிக்கு மேல் நிதானமாக வருகிறார்கள். பத்து நாள் முன்னால் ஒவ்வொரு அம்மாவுக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வகுப்பு முழுவதையும் கூப்பிடாதபட்சத்தில் வகுப்பு குரூப்பில் போடவே கூடாது, கூப்பிடாத குழந்தையின் அம்மாவும் அதே குரூப்பில்தானே இருக்கிறார். விஷயம் இவ்வளவு போதும்: "ஞாயிறு மாலை 4.45 முதல் 7.15 வரை. கேக் 6.05க்கு. தம்பி தங்கையும் வருவார்களா, நீங்களும் கூடவே இருப்பீர்களா, குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாத சாப்பாடு ஏதாவது உண்டா, வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்." இந்த மூன்று கேள்விக்கு வரும் பதிலை வைத்துத்தான் சாப்பாட்டுக் கணக்கே. பதில் சொல்லாதவர்களுக்கு வெள்ளிக்கிழமை ஒரு போன் போட்டுவிடுங்கள், மெசேஜைப் பார்த்துவிட்டு மறப்பவர்கள்தான் பாதிப் பேர்.

நாத்தனாருக்கு இந்த அழைப்பு வேண்டாம், போன் செய்து "5.30க்கு வந்துடுங்க அண்ணி, 6 மணிக்குக் குழந்தை கேக் வெட்டிடுவா" என்று சொல்லுங்கள். அதையும் உங்கள் கணவரே சொன்னால் நல்லது, அவர் அக்காவோ தங்கையோதானே. வரத் தாமதமானால் அவர்களுக்குக் கேக் துண்டு எடுத்து வைக்கலாம், குழந்தைகளை நிறுத்தி வைக்க முடியாது.

இப்போது சாப்பாடு. போன வருஷம் இட்லி மிஞ்சியதற்குக் காரணம் எளிதாகத் தெரிகிறது: கூப்பிட்டவர்கள் எல்லோரும் வருவார்கள் என்றும் எல்லோரும் பெரியவர்கள் மாதிரி சாப்பிடுவார்கள் என்றும் கணக்குப் போட்டிருப்பீர்கள். சிப்ஸும் கேக்கும் தின்ற ஆறு வயதுக் குழந்தை இரண்டு இட்லிக்கு மேல் தொடாது. 16 குழந்தைகளைக் கூப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம், 12 பேர் வருவார்கள், கூடவே நான்கு தம்பி தங்கைகள், ஆக மறுபடியும் 16. அடுக்குமாடிக் குழந்தைகள் தனியாக வந்துவிடும், வெளியிலிருந்து வருகிற குழந்தைகளோடு எட்டு அம்மாக்கள் இருப்பார்கள். சொந்தம் 12, வீட்டு ஆட்கள் 4. பெரியவர்கள் 24, மொத்தம் 40 பேர். உங்கள் எண்ணிக்கை வேறாக இருந்தாலும் இதே வழியில் போடுங்கள்.

பெரியவர்கள் வீட்டுக்குப் போய்ச் சமைக்காத மாதிரி, வெஜ் பிரியாணியும் இட்லியும் போதும். பிரியாணி மட்டும் என்றால் ஒரு கிலோ அரிசி பத்துப் பேருக்குத்தான் வரும், இட்லியும் இருப்பதால் 24 பேருக்கு 2 கிலோ அரிசி சரியாக இருக்கும். இதை வெளியில் சொல்லிவிடுங்கள், அளவைக் கேட்கும்போது "எத்தனை பேருக்கு" என்று சொல்லாமல் எத்தனை கிலோ அரிசி என்று சொல்லுங்கள், ஆள் கணக்கு கடைக்குக் கடை மாறும். இட்லி, பெரியவர்களுக்கு இரண்டு, குழந்தைகளுக்கு இரண்டு, மொத்தம் 80. 16 இட்லி குக்கர் என்றால் ஐந்து ஈடு, ஒரு ஈட்டுக்கு எடுத்து ஊற்றி வைக்கிற நேரத்தோடு 15 நிமிஷம் என்று பார்த்தால் ஒன்றேகால் மணி நேரம். பார்ட்டி நடக்கும்போது அடுப்படியில் நின்று இதைச் செய்தால் நீங்கள் மறுபடியும் போட்டோவில் இருக்க மாட்டீர்கள். 3.15க்கு ஆரம்பித்து 4.30க்குள் முடித்து ஹாட்பாக்ஸில் அடுக்கிவிடுங்கள், ஈரத்துணி விரித்து அடுக்கினால் காயாமல் இருக்கும். குழந்தைகளுக்குச் சாம்பாரைக் காரமில்லாமல் தனியாக எடுத்து வைத்து, அவர்களைத் தரையில் பாய் விரித்து முதலில் உட்கார வையுங்கள்.

கேக்கில் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறோம். 40 பேருக்கு ஆளுக்கு 50 கிராம் என்றால் 2 கிலோ வேண்டும், ஆனால் 2 கிலோ கேக் டப்பா வீட்டு ஃப்ரிட்ஜில் நுழையாது. கடைக்குப் போகும் முன் ஃப்ரிட்ஜ் தட்டின் அகலத்தையும் உயரத்தையும் ஸ்கேல் வைத்து அளந்து கொண்டு போங்கள். ஒரு கிலோவில் அலங்காரக் கேக் ஒன்று, மற்றொரு கிலோவைச் சாதாரண கேக்காகத் துண்டு போட்டே வாங்கி அடுப்படியில் வைத்துக்கொண்டால், அந்தப் பெரிய கேக்கைச் சுற்றிக் குழந்தைகள் தட்டு நீட்டிக்கொண்டு நிற்கிற பதினைந்து நிமிஷம் மிச்சமாகும். நம் வெயிலுக்குக் கிரீம் கேக்கை 5.50க்கு முன் வெளியே எடுக்காதீர்கள். தண்ணீருக்கு 20 லிட்டர் கேன் ஒன்று போதும், பேப்பர் கப் மட்டும் 120 வாங்குங்கள். ஒரு முறை குடித்துவிட்டுக் கப்பை எங்கேயோ வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள், குழந்தைகள் மட்டுமில்லை.

விளையாட்டில் எனக்கு ஒரு கோபம் உண்டு, மியூசிக்கல் சேர். முதல் சுற்றில் அவுட்டான குழந்தை அடுத்த பத்து நிமிஷம் என்ன செய்யும்? அழும், இல்லாவிட்டால் பெட்ரூமுக்குள் போய் உங்கள் பீரோவைத் திறக்கும். ஆறு வயதுக்கு யாரும் வெளியேறாத விளையாட்டுகள்தான் சரி. 4.45 முதல் 5.05 வரை ஒவ்வொருவராக வந்துகொண்டிருப்பார்கள், அந்த நேரத்துக்கு இரண்டு மூன்று சார்ட் பேப்பரைத் தரையில் ஒட்டிக் கிரேயான்ஸைக் கொட்டிவிடுங்கள், எப்போது வந்தாலும் சேர்ந்துகொள்ளலாம். பிறகு ஸ்டாச்சூ, பாட்டு நின்றால் சிலையாக நிற்க வேண்டும், அசைந்தவர் ஒரு மிருகம் மாதிரி கத்திவிட்டு மறுபடி ஆடலாம். அடுத்து கண்ணைக் கட்டி யானைக்கு வால் ஒட்டுவது, இதில் வரிசை நீளமாகிவிடும் என்பதால் இரண்டு யானை வரைந்துகொள்ளுங்கள். கடைசியாக உட்கார்ந்து ஆடும் பார்சல், ஓடியாடிவிட்டு நேரே கேக்கிடம் போனால் மெழுகுவர்த்தி பக்கத்தில் தள்ளுமுள்ளு ஆகும்.

பார்சலை முதல் நாள் ராத்திரி கட்ட வேண்டும். 16 குழந்தைக்கு 16 சுற்று செய்தித்தாள், ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் ஒரு மிட்டாய், ஒரு துண்டுச் சீட்டு ("தவளை மாதிரி குதி" என்கிற மாதிரி). நடுவில் பெரிய பரிசு எதுவும் வேண்டாம். பாட்டைப் போடுகிறவர் திரும்பி நின்று போடக் கூடாது, குழந்தைகளைப் பார்த்தே நிறுத்த வேண்டும், அப்போதுதான் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சுற்று கிடைக்கும். அவருடைய போனை ஏரோப்ளேன் மோடில் போடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஒரு முறை போன் வந்து பாட்டு நின்றுபோய், "நான்தான் பிரிப்பேன்" என்று இரண்டு பேர் முடியைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆட்களுக்கு வேலை பிரிப்பது பற்றி. என் மகன் பர்த்டேயில் நான் எல்லோரிடமும் "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்றுதான் சொன்னேன். கேக்கை வைத்தாயிற்று, மெழுகுவர்த்தி குத்தியாயிற்று, தீப்பெட்டி இல்லை. வீட்டில் கேஸ் லைட்டர் மட்டும்தான், அதில் பொறிதான் வரும். கடைசியில் பேப்பரைச் சுருட்டி அடுப்பில் பற்ற வைத்துக்கொண்டு ஹாலுக்கு ஓடி வந்தோம், 20 குழந்தைகளுக்கு நடுவில். அதிலிருந்து ஒரு தாளில் ஆள், இடம், நேரம் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவேன். ஓர் ஆளுக்கு ஓர் இடம், அவ்வளவுதான்.

உங்கள் தம்பி வாசலில், 4.30 முதல் கடைசி வரை. கதவு திறப்பது, குழந்தை தனியாக வெளியே போகாமல் பார்ப்பது, கூட்டிப்போக வருகிறவர் யார் என்று தெரிந்துகொண்டு அனுப்புவது. காலேஜ் படிக்கிற பெண் யாராவது சொந்தத்திலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால் விளையாட்டு முழுக்க அவளிடம், அதற்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிடுங்கள், சும்மா கேட்டால் பாதியில் போனைப் பார்ப்பாள். பக்கத்து வீட்டு அக்கா அடுப்படியில், 6.15க்குத் தட்டு போடுவது அவர் பொறுப்பு. மாமியார் சோஃபாவில் ஒரு நோட்டோடு உட்கார்ந்து எந்தப் பரிசு யார் கொடுத்தது என்று எழுதட்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் நான்கு கலர் பென்சில் டப்பாவை வைத்துக்கொண்டு முழிப்பீர்கள். உங்கள் கணவருக்குக் கேக்கும் நெருப்பும்: கத்தி, தீப்பெட்டி, மெழுகுவர்த்தி மூன்றையும் ஒரு டப்பாவில் போட்டு மதியமே கேக் மேஜை மேல் வைப்பது, 6.04க்கு ஃபேனை நிறுத்துவது, வெட்டிய பிறகு போடுவது. ஸ்னோ ஸ்ப்ரே வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது என்று பார்ப்பதும் அவர்தான், அது மெழுகுவர்த்தியில் பட்டால் பற்றிக்கொள்ளும். மேலே பறக்கிற கேஸ் பலூனும் அப்படித்தான், தெருவில் விற்பதில் பலவும் ஹைட்ரஜன் அடைத்தது. கைப்பம்பு வாங்கி அன்று காலையில் சாதாரண பலூன் 50 ஊதினால் போதும், உடைந்த ரப்பர் துண்டுகளை உடனே பொறுக்க வேண்டும், தவழ்கிற குழந்தை ஏதாவது வந்திருக்கும், நேரே வாயில் போடும்.

அந்தத் தாளில் உங்கள் பெயருக்கு எதிரில் 5 முதல் 6.30 வரை எதுவும் எழுதாதீர்கள். போட்டோ எடுப்பவரிடம் கேக் வெட்டும்போது நீங்கள் படத்தில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நம்மை யாரும் தேடி எடுக்க மாட்டார்கள்.

ரிட்டர்ன் கிஃப்ட் 20 வாங்குங்கள், தம்பி தங்கைகளுக்கும் அதே பொருள், சின்னதாக வேறு கொடுத்தால் படியிறங்கும் முன்பே சண்டை. பொம்மையைவிட ஸ்கெட்ச் பேனாவும் ஒரு சின்ன நோட்டும் மலிவு, பெற்றோர் திட்டவும் மாட்டார்கள். பையை வாசலில் தம்பியிடமே வைத்துவிடுங்கள், உள்ளே கொடுத்தால் அங்கேயே பிரித்து ஹால் முழுக்கக் காகிதமாகும். செருப்பு போட்ட பிறகு ஒவ்வொன்றாகக் கொடுக்கட்டும். 7 மணிக்கு உங்கள் மகளையும் அவனோடு வாசலில் நிற்க வைத்துவிட்டால் கிளம்புகிறவர்கள் புரிந்துகொள்வார்கள்.