மெத், கோக் மாதிரி ஸ்டிமுலன்ட் இறங்கினதும் ரெண்டு மூணு நாள் ஏன் மனசே செத்த மாதிரி இருக்கு? டோபமைன் காலி ஆயிடுதா?

காலி ஆகுதுங்கறது பாதிதான் சரி. நான் மெத்ல கிடந்து வெளிய வந்தவன், இத அப்புறம்தான் டாக்டர்கிட்ட கேட்டும் படிச்சும் புரிஞ்சுக்கிட்டேன்.

நரம்பு செல் டோபமைன சின்னச் சின்ன பைல அடைச்சு வெச்சிருக்கும், கொஞ்சமா வெளிய விடும், வேலை முடிஞ்சதும் ஒரு பம்பு அத திரும்ப உள்ள இழுத்துக்கும். மெத் அந்தப் பம்பு வழியாவே உள்ள நுழைஞ்சு, பைல இருக்கறத கொட்ட வெச்சு, பம்பையும் தலைகீழா ஓட வெச்சிடும். மெத் ரத்தத்துல பாதியா குறையவே சுமாரா 10 மணி நேரம் ஆகுமா, அதனால கொட்டறதும் ரொம்ப நேரம் நடக்கும், திரும்ப ரொப்பறதுக்கு நாள் ஆகும். டைரோசின் பவுடர் வாங்கிக் குடிச்சா சீக்கிரம் ரொம்பிடும்னு நானும் நம்பினேன், ஆனா அதுலேர்ந்து டோபமைன் செய்ற என்சைமோட வேகம்தான் தடை, மூலப்பொருள அதிகமா போட்டும் பெருசா பிரயோஜனம் இல்ல.

சரி, கோக் பையக் கொட்டறதே இல்லயே, பம்ப அடைக்கிறதோட சரி, அப்புறம் ஏன் அதுலயும் இறங்கும்போது இப்படி இருக்கு? அங்கதான் மீதி பாதி. டோபமைன் வெள்ளமா வந்தா மூளை சும்மா இருக்காது, பிரேக் போடும். டைனார்ஃபின்னு ஒரு கெமிக்கல் நிறைய சுரக்கும், அது டோபமைன் வெளிய வர்றத அமுக்கும், அதுபோக தனியாவே ஒரு கசப்பான மூட குடுக்கும். டோபமைன வாங்கற ரிசெப்டரும் குறையும். மருந்து போயிடும், பிரேக் மட்டும் அழுத்தினபடியே நிக்கும்.

என் கதை ஒண்ணு. மூணு ராத்திரி தூங்காம எடுத்தேன், அப்புறம் ஒரு நாள் முழுக்க தூக்கம், எழுந்து பேய்ப்பசி. அது பரவால்ல, அதுக்கு அடுத்த நாள்தான் மோசம், அழுகை கூட வரல, பிடிச்ச பாட்டு வெறும் சத்தமா கேட்டுச்சு. தாங்காம மறுபடி கொஞ்சம் எடுத்தா நெஞ்சு படபடன்னு அடிச்சுது, கை நடுங்குச்சு, சந்தோஷம் மட்டும் வரல. படபடப்ப குடுக்கறது நாரட்ரினலின், அது இன்னும் வேலை செஞ்சுது, ஆனா டோபமைன் பக்கம் சரக்கும் கம்மி, பிரேக்கும் விழுந்திருக்கு.

திரும்பி வருமான்னா, வரும், மெதுவா. 2001ல வந்த ஒரு ஸ்கேன் ஆய்வுல, ஒரு வருஷம் போல மெத்த விட்டவங்களுக்கு அந்தப் பம்புகள் நல்லாவே கூடியிருந்துச்சு, ஆனா ஞாபகசக்தி டெஸ்ட்ல அந்த அளவுக்கு முன்னேற்றம் இல்ல.

ரெண்டு வாரம் தாண்டியும் எதுலயும் ஒட்டுதலே இல்லன்னா அத வெறும் இறக்கம்னு நினைச்சு உக்காந்திருக்காதீங்க, டாக்டர பாருங்க. செத்துடலாம்னு தோணுச்சுன்னா ரெண்டு வாரமெல்லாம் இல்ல, அப்பவே யாரையாவது கூட்டிக்கிட்டு எமர்ஜென்சிக்கு போங்க, அந்த முதல் சில நாள்தான் ரொம்ப ஆபத்து.