பி.பி.எஃப்-பில் போடுவதா, வீட்டுக்கடனைக் குறைப்பதா?

"சேலம் அழகாபுரத்தில் சொந்த வீட்டில் இருக்கிறேன். சம்பளம் வருடத்துக்கு 11 லட்சம். வீட்டுக்கடன் பாக்கி 32 லட்சம், 8.5% மாறும் வட்டி, இன்னும் 16 வருடம். வரி மிச்சம் பிடிக்க ஒவ்வொரு மார்ச்சிலும் பி.பி.எஃப்-பில் 1.5 லட்சம் போடுகிறேன். அதைக் கடனில் கட்டிவிட்டால் வரி ஏறுமா?"

ஏறாது. அந்த 1.5 லட்சத்தால் உங்களுக்கு இப்போதே ஒரு ரூபாய் வரிகூடக் குறையவில்லை.

உங்கள் மாதத் தவணை சுமார் 30,500 ரூபாய் இருக்கும். இந்த ஒரு வருடத்தில் அதில் வட்டி 2.68 லட்சம், அசல் 98 ஆயிரம். அடிப்படைச் சம்பளம் மாதம் 50 ஆயிரம் என்று வைத்துக்கொண்டால், உங்கள் பங்கு பி.எஃப். மட்டும் 72 ஆயிரம். அசலும் பி.எஃப்.பும் சேர்ந்தாலே 1.70 லட்சம். இவற்றோடு பி.பி.எஃப்-பையும் சேர்த்து வருமானத்தில் கழிக்க விடும் 80சி பிரிவின் வரம்போ 1.5 லட்சம்தான். பாத்திரம் நிரம்பி வழிந்த பிறகுதான் நீங்கள் மார்ச் மாதம் ஊற்றுகிறீர்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 80சி என்பதே பழைய வரிமுறையில்தான். அதில் நிலைக்கழிவு 50 ஆயிரம், 80சி 1.5 லட்சம், வீட்டு வட்டி 2 லட்சம் எல்லாம் போக உங்களுக்கு 7 லட்சம் மிஞ்சும். வரி 54,600 ரூபாய். புதிய முறையில் இந்தக் கழிவுகள் கிடையாது. ஆனால் 2025-26 முதல், 75 ஆயிரம் நிலைக்கழிவு போக 12 லட்சம் வரை வரியே இல்லை. உங்களுக்கு வருவது 10.25 லட்சம், எனவே வரி பூஜ்யம். அலுவலகத்தில் பழைய முறை என்று எழுதிக் கொடுத்துப் பிடித்தம் நடந்திருந்தாலும் பரவாயில்லை. வேறு தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர், ரிட்டர்ன் போடும்போது புதிய முறைக்கு மாறிக்கொண்டு பிடித்ததைத் திரும்ப வாங்கலாம். "கடன் இருக்கிறதே, பழையதுதான் லாபம்" என்று கணக்குப் போடாமலே இருப்பவர்களை ஒவ்வொரு ஜூலையிலும் பார்க்கிறேன்.

சரி, வரி என்ற காரணம் போய்விட்டது. இனி இரண்டு சதவீதங்களுக்குள்தான் போட்டி. கடன் வட்டிக்கு வரிச்சலுகை இல்லாததால் அதன் நிஜ விலை முழு 8.5%. பி.பி.எஃப். வட்டி எந்த முறையிலும் வரியில்லாதது, ஆனால் 7.1%. கடனைக் குறைப்பதே மேல்.

தொகையாகவும் பார்த்துவிடுவோம். இன்று 1.5 லட்சம் கட்டி, தவணையை மாற்றாமல் விட்டால் 192 மாதம் 174 ஆகும். கடைசி 18 தவணை மிச்சம், அதாவது சுமார் 5.5 லட்சம். அதே பணம் பி.பி.எஃப்-பில் 16 வருடம் இருந்தால் சுமார் 4.5 லட்சம். இரண்டுமே வட்டி இப்படியே இருந்தால் என்ற கணக்கு. வங்கியில் சிலர் "1.5 லட்சம் கட்டினால் 4 லட்சம் லாபம்" என்று மட்டும் சொல்வார்கள். எதிர்ப்பக்கத்துப் பணமும் அத்தனை வருடம் வளர்ந்திருக்கும் என்பதை விட்டுவிடுவார்கள்.

இந்தப் பதில் எல்லோருக்கும் பொருந்தாது. உங்கள் தம்பி பெங்களூரில் வாடகைக்கு இருந்துகொண்டு, சேலம் வீட்டுக்குக் கடன் கட்டுகிறார் என்று வையுங்கள். சம்பளம் அதிகம், வீட்டு வாடகைப்படிக் கழிவும் பெரிதாக இருப்பதால் அவருக்குப் பழைய முறையே குறைவாக வரலாம். 30% அடுக்கில் செஸ் சேர்த்து 31.2% வரி. அவர் கட்டும் வட்டியில் 2 லட்சத்துக்குள் வரும் பகுதியின் நிஜ விலை 5.85% மட்டுமே. அதை அடைப்பதைவிட 7.1% பி.பி.எஃப். நல்லது. 2 லட்சத்தைத் தாண்டிய வட்டிக்கு மட்டும் முழு 8.5% விழுகிறது. 8.5%-இல் 2 லட்சம் வட்டி வருவது பாக்கி 23.5 லட்சம் இருக்கும்போது. அதுவரை இறக்குவது லாபம், அதற்குக் கீழே அவசரமில்லை. சராசரியைப் பார்ப்பவர்கள் இங்கேதான் தவறுவார்கள். அடுத்து கட்டப்போகும் ரூபாய் எந்த வட்டியைக் குறைக்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

உங்களிடம் ஆறு மாதத் தவணை, சுமார் 1.8 லட்சம், கையில் இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதைச் சேருங்கள். சாதாரணக் கடனில் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. பி.பி.எஃப். கணக்கை மூட வேண்டாம், வருடம் 500 ரூபாய் போட்டால் உயிரோடு இருக்கும்.

மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. ஆனால் பணத்தை வெறுமனே கடன் கணக்குக்கு அனுப்பாதீர்கள். எனக்கே ஒருமுறை அது முன்பணத் தவணையாக நின்று, அசல் இரண்டு மாதம் குறையாமல் கிடந்தது. "அசலில் கழித்து, காலத்தைக் குறைக்கவும்" என்று எழுதிக் கொடுங்கள். மறுநாள் ஸ்டேட்மென்டில் பாக்கி 30.5 லட்சம் என்று காட்டுகிறதா, தவணை அதே 30,500 ரூபாயாக இருக்கிறதா என்று பாருங்கள். தவணைத் தொகை குறைந்திருந்தால் காலத்தைக் குறைக்கவில்லை என்று அர்த்தம், அன்றைக்கே போய்ச் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.