கதையை நிகழ்காலத்துக்கு மாற்றுவது: கேள்வி பதில்

என் குறுநாவல் முழுக்க இறந்தகாலத்தில் இருக்கிறது. படித்த நண்பர், "தூரத்திலிருந்து கேட்பது போல இருக்கிறது" என்றார். எல்லா வினைச்சொல்லையும் நிகழ்காலத்துக்கு மாற்றினால் சரியாகிவிடுமா?

மாற்றிப் பார்த்துவிடுவோம். இப்படி ஒரு பத்தி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. விளக்கை அணைத்தாள். கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். யாரோ தாழ்ப்பாளை அசைத்துப் பார்த்தார்கள். அவள் மூச்சு விடவில்லை. போன வாரம்தான் அந்தத் தாழ்ப்பாளை மாற்றியிருந்தாள்."

வினைகளை மட்டும் மாற்றினால்:

"மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கிறது. விளக்கை அணைக்கிறாள். கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறாள். யாரோ தாழ்ப்பாளை அசைத்துப் பார்க்கிறார்கள். அவள் மூச்சு விடவில்லை. போன வாரம்தான் அந்தத் தாழ்ப்பாளை மாற்றியிருக்கிறாள்."

வாய்விட்டுப் படியுங்கள். மேடை நாடகக் குறிப்பு மாதிரி ஒலிக்கிறது, இல்லையா? காரணம் ஓசையில் இருக்கிறது. தமிழில் இறந்தகாலம் வினைக்கு வினை வேறு உருவம் எடுக்கும்: கேட்டது, அணைத்தாள், நின்றாள், ஓடினாள், வந்தாள். நிகழ்காலத்துக்கு அந்த வசதி கிடையாது. எந்த வினையானாலும் கிறாள், கிறான், கிறது என்றுதான் முடியும். வரிசையாக நாலு வாக்கியம் வந்தாலே காதில் சுத்தியல் விழுகிறது. கடைசி வாக்கியத்தில் இன்னொரு சிக்கல். "மாற்றியிருக்கிறாள்" என்றால் வேறு யாரோ வந்து பார்த்து, "ஓ, மாற்றியிருக்கிறாளே" என்று ஊகிப்பது போல ஆகிவிடுகிறது. அவளே செய்தது என்ற நெருக்கம் போய்விட்டது.

நான் செய்வது இது:

"மாடிப்படியில் காலடிச் சத்தம். விளக்கை அணைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறாள். தாழ்ப்பாள் அசைகிறது. ஒரு முறை. இன்னொரு முறை. போன வாரம்தான் மாற்றிய தாழ்ப்பாள். மூச்சை அடக்கிக்கொண்டு அதையே பார்க்கிறாள்."

ஆறு முற்றுவினை இருந்த இடத்தில் இப்போது மூன்றுதான். "அணைத்துவிட்டு", "அடக்கிக்கொண்டு" போன்ற வினையெச்சங்கள் கதையின் காலத்தைத் தாமே முடிவு செய்வதில்லை, கடைசி வினை எதுவோ அதோடு ஒட்டிக்கொள்ளும். "காலடிச் சத்தம்" என்று வினையே இல்லாமல் நிற்கிற வாக்கியமும் தமிழுக்கு இயல்புதான். "யாரோ" போய்விட்டதைக் கவனித்தீர்களா? உள்ளே நிற்பவளுக்குத் தாழ்ப்பாள் அசைவது மட்டும்தான் தெரியும். உங்கள் நண்பர் கேட்ட நெருக்கம் பாதி அங்கிருந்துதான் வருகிறது. அந்த ஒன்றை இறந்தகாலத்திலேயே செய்திருந்தாலும் பத்தி நெருங்கி வந்திருக்கும். அதனால் முதலில் அதைச் செய்து பாருங்கள், காலத்தை அப்புறம் தொடலாம்.

என் கதை ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நடக்கிறது. நிகழ்காலத்துக்குக் கொண்டுவந்தால் கைபேசி, இணையம் எல்லாம் சேர்க்க வேண்டியிருக்குமே?

வேண்டாம் வேண்டாம், கதை அங்கேயே இருக்கட்டும். மாறுவது வினைச்சொல்லின் காலம் மட்டும். நூறு வருஷத்துக்கு முந்தைய கதையையும் "வருகிறான்" என்று சொல்லலாம்.

ஆனால் உங்கள் கேள்வியால் ஒன்று நினைவுக்கு வந்தது. வினையை மாற்றுகிறவர்கள் காலம் காட்டும் மற்ற சொற்களை மறந்துவிடுவார்கள். "அன்று மாலை அவன் வருகிறான்" என்று எழுதினால் ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே. அன்று, அப்போது, மறுநாள், அந்தச் சமயத்தில் என்று எங்கெங்கே இருக்கிறதோ, தேடி எடுத்துப் பாருங்கள். சில இடத்தில் "இன்று", "இப்போது" என்று மாற்ற வேண்டியிருக்கும், பல இடத்தில் அடித்துவிட்டாலே போதும். "பின்னால் இதற்காக வருந்தப்போகிறாள் என்று அப்போது அவளுக்குத் தெரியாது" என்ற வகை வாக்கியத்தையும் நிகழ்காலம் தாங்காது. நடந்துகொண்டிருப்பதைச் சொல்பவனுக்குப் பின்னால் நடப்பது எப்படித் தெரியும்?

சண்டை, துரத்தல், விபத்து மாதிரி வேகமான காட்சிக்கு நிகழ்காலம். மற்ற இடத்துக்கெல்லாம் இறந்தகாலம். இதுதானே விதி?

பாதி சரி. காட்சியைப் பார்த்து முடிவு செய்கிறீர்களே, அது சரி. வேகத்தை அளவுகோலாக வைப்பதுதான் இடிக்கிறது.

"அடித்தான். விழுந்தான். எழுந்தான். மறுபடி அடித்தான்." இதை "அடிக்கிறான். விழுகிறான். எழுகிறான். மறுபடி அடிக்கிறான்" என்று மாற்றினால் வேகம் குறைகிறது. ஒவ்வொரு சொல்லும் ஓர் அசை நீள்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிற செயலுக்கு, முடிந்துவிட்டது என்று காட்டும் வடிவம்தான் பொருந்துகிறது.

நிகழ்காலம் நன்றாக உட்காருவது காத்திருப்பில். அறுவை அறையின் வெளியே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், கதவு திறப்பதாயில்லை. என்ன ஆகப்போகிறது என்று அவருக்கும் தெரியாது, படிப்பவருக்கும் தெரியாது. அங்கே நிகழ்காலம் வேலை செய்யும். முடிவு தெரியாமல் நீள்கிற நேரமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் மெய்ப்பு பார்ப்பவன். நன்னூல் கால வழுவமைதியில் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவற்றில் காலம் மாறி வரலாம் என்கிறது. கூப்பிட்டால், இன்னும் கிளம்பாதவனும் "இதோ வந்துட்டேன்" என்கிறான். தமிழில் அவசரத்தைக் காட்டுவது இறந்தகாலம் அல்லவா? அப்படியிருக்க நிகழ்காலம்தான் உடனடித்தன்மை தரும் என்பது எங்கிருந்து வந்தது?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். அந்த "வந்துட்டேன்" மேலே சொன்ன "அடித்தான், விழுந்தான்"க்கும் உறவுதான். நிகழ்காலம் என்றாலே நெருக்கம் என்பதை நானும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பேச்சில் கதை சொல்கிறவர்களைக் கவனியுங்கள்: "நேத்து போனேன், உக்காந்தேன், திடீர்னு அவன் வர்றான், என்னைப் பாக்குறான், ஒண்ணும் பேசாம போறான்." உச்சத்தில் தானாக நிகழ்காலத்துக்குத் தாவி, அடுத்த வாக்கியத்தில் திரும்பிவிடுவோம். ஆக இரண்டுமே நம்மிடம் உண்டு. பேச்சில் அந்தத் தாவல் சில வாக்கியங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. முந்நூறு பக்கம் நீட்டினால் என்ன ஆகும் என்பதில் எனக்கு இன்னும் உறுதியான கருத்து இல்லை. உங்களுக்கு இருந்தால் எழுதுங்கள்.

எதிர்மறை வாக்கியத்தை எப்படி மாற்றுவது? "அவன் பதில் சொல்லவில்லை" என்பதை "சொல்வதில்லை" என்று மாற்றினேன், ஏதோ தப்பாகத் தெரிகிறது.

"பதில் சொல்வதில்லை" என்றால் அது அவன் வழக்கம், எப்போதுமே சொல்ல மாட்டான் என்று அர்த்தமாகிவிடும். "சொல்லவில்லை" என்பது இரண்டு காலத்துக்கும் பொது, அதனால் நிகழ்காலக் கதையிலும் அப்படியே விடலாம். முன்னும் பின்னும் நிகழ்கால வினை இருந்தால் சிக்கல் இல்லை. ஆனால் அத்தியாயத்தின் முதல் வாக்கியத்திலோ, பழைய நினைவு ஒன்று முடிகிற இடத்திலோ வந்தால் எந்தக் காலம் என்று தடுமாறும். அங்கே "பதில் சொல்லாமல் நிற்கிறான்" என்றோ "பதில் இல்லை" என்றோ எழுதுங்கள்.

இதே குடும்பத்தில் இன்னொரு கண்ணி: "அப்பா ஆறு மணிக்கு எழுவார்." இறந்தகாலக் கதையில் இது பழைய வழக்கம் என்று புரிந்துவிடும். நிகழ்காலக் கதையில், அப்பா இன்றைக்கும் எழுகிறார் என்றுதான் படிப்பவர் நினைப்பார். அவர் இறந்துவிட்டவர் என்றால் "அப்பா இருந்தவரை" என்று தொடங்கிவிடுங்கள்.

என் கதையில் "நான்"தான் சொல்கிறேன். "தலை சுற்றுகிறது. நான் மயங்கி விழுகிறேன். யாரோ என்னைத் தூக்கிச் செல்கிறார்கள்." இதை ஒருவர் சிரித்துக்கொண்டே சுட்டிக்காட்டினார். என்ன தவறு?

மயங்கியவர் எப்படிச் சொல்கிறார் என்றுதான் சிரித்திருப்பார். இறந்தகாலத்தில் இந்தக் கேள்வி எழாது, பிறகு தெரிந்துகொண்டு சொல்கிறார் என்று எடுத்துக்கொள்வோம். நிகழ்காலத்தில் "நான்" அறிவது மட்டும்தான் பக்கத்தில் இருக்க முடியும். "தலை சுற்றுகிறது. சுவர் சாய்கிறது." அங்கேயே நிறுத்துங்கள். அடுத்த பத்தியில் கண் விழிக்கட்டும். "என் முகம் கோபத்தில் சிவக்கிறது" என்பதும் இதே கோளாறுதான், தன் முகத்தைத் தானே பார்ப்பவர் யார்?

உரையாடலுக்குப் பின் "என்றாள்" எல்லாம் "என்கிறாள்" ஆகிவிட்டது. பக்கம் பூராவும் அதுதான் தெரிகிறது. விட்டுவிடலாமா?

"என்றாள்" நம் கண்ணுக்குப் பழகிப்போய்க் காணாமல் போய்விட்ட சொல். "என்கிறாள்" அப்படியில்லை, ஒவ்வொரு முறையும் தலையைக் காட்டும். யார் பேசுவது என்று தெரிகிற இடத்தில் எடுத்துவிடுங்கள், மற்ற இடத்தில் ஒரு செயலை வையுங்கள்: "'எனக்கு வேண்டாம்.' தட்டைத் தள்ளிவைக்கிறாள்." நிகழ்காலக் கதையிலும் "என்றாள்" மட்டும் அப்படியே இருக்கட்டும் என்பவர்களும் உண்டு. எனக்கு அது இடறுகிறது, என்னோடு வேலை செய்பவருக்கு இடறவில்லை.

காட்சிகள் சரியாக வந்துவிட்டன. நடுவில் "மூன்று மாதங்கள் ஓடுகின்றன. அவன் வேலை மாறுகிறான். வீடு பார்க்கிறான்" என்று வருகிற இடம்தான் பல்லிளிக்கிறது.

அது சுருக்கம். மூன்று மாதத்தை யாரும் பக்கத்தில் நின்று பார்க்க முடியாது, திரும்பிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதனால் அடுத்த காட்சியை நிகழ்காலத்தில் தொடங்கி, நடந்ததை அங்கிருந்து திரும்பிப் பார்ப்பதாக உள்ளே விடுங்கள்: "புது வீட்டுச் சாவி இன்னும் கைக்குப் பழகவில்லை. வேலை மாறி மூன்று மாதம் ஆகிறது. பழைய இடத்திலிருந்து ஒருவர்கூடக் கூப்பிடவில்லை." இப்படிச் சுருக்கப் பத்திகள் உங்கள் கதையில் காட்சிகளைவிட அதிகம் என்றால், அது இறந்தகாலத்தில் இருக்க வேண்டிய கதை. மாற்றியதைப் பழையபடி மாற்றிவிடுங்கள்.