கண்ணாடி திருப்பி அனுப்பும் வெளிச்சம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பவர் கூடிவிட்டதால் 1.67 லென்ஸ் போடச் சொன்னார்கள். பழையது சாதாரண 1.5. புதியது மெலிதாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிரில் நின்று பேசுகிறவர்கள், கண்ணே தெரியவில்லை, கண்ணாடிதான் பளபளக்கிறது என்கிறார்கள். இரவில் எதிரே வரும் விளக்குக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு விளக்கு தெரிகிறது. கோட்டிங் வேண்டாமா என்று கேட்டேன். ‘மெலிதான லென்ஸில் வெளிச்சம் தானாகவே அதிகம் வரும்’ என்றார் கடைக்காரர்...

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். நீங்கள் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள், பதில்தான் பொய்.

1.67 என்பது லென்ஸின் ஒளிவிலகல் எண். காற்றுக்கு அது 1. ஒளி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குள் நேர்செங்குத்தாக நுழையும்போது எவ்வளவு திரும்பிப் போகும் என்பதை இந்த இரண்டு எண்களே தீர்மானிக்கின்றன. இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, வந்ததை வர்க்கப்படுத்த வேண்டும்:

R = ((n1 − n2) / (n1 + n2))²

உங்கள் பழைய லென்ஸுக்குப் போட்டுப் பார்ப்போம். 0.5-ஐ 2.5-ஆல் வகுத்தால் 0.2, அதன் வர்க்கம் 0.04. அதாவது முன்பக்கத்தில் விழுந்த ஒளியில் 4 சதவீதம் உள்ளே போகாமலே திரும்புகிறது. மீதி 96 பின்பக்கத்துக்குப் போய், வெளியேறும் இடத்தில் அதிலும் 4 சதவீதத்தை இழக்கிறது. கண்ணுக்கு வந்து சேர்வது சுமார் 92.

இப்போது புதிய லென்ஸ். 0.67-ஐ 2.67-ஆல் வகுத்தால் 0.251, வர்க்கம் 0.063. ஒவ்வொரு பக்கத்திலும் 6.3 சதவீதம் திரும்புகிறது. இரண்டு பக்கமும் கடந்து கண்ணுக்கு வருவது சுமார் 88. முன்பு 8 பங்கு திரும்பிய இடத்தில் இப்போது 12. எதிரில் நிற்பவர் பார்க்கும் பளபளப்பு அதனால்தான் ஒன்றரை மடங்காகிவிட்டது.

அந்த இன்னொரு விளக்குக்கும் காரணம் இதேதான். உள்ளே வந்த ஒளி பின்பக்கத்தில் ஒருமுறை, திரும்ப முன்பக்கத்தில் ஒருமுறை என இரண்டு தடவை எதிரொளித்து, அசல் பிம்பத்துக்குச் சற்றுத் தள்ளிக் கண்ணில் விழுகிறது. இரண்டு தடவை என்பதால் R-ஐ R-ஆல் பெருக்க வேண்டும். பழைய லென்ஸில் அது 0.16 சதவீதம், புதியதில் 0.4. பகலில் இதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். இருட்டில், எதிரே பிரகாசமான விளக்கு வரும்போது, இரண்டரை மடங்கு வித்தியாசம் கண்ணை உறுத்தத்தான் செய்யும்.

லென்ஸ் மெலிதாக இருப்பது அதன் ஒளிவிலகல் எண் பெரிது என்பதால். அதே பெரிய எண்தான் எதிரொளிப்பையும் கூட்டுகிறது. ஆகவே 1.67 விற்கிறவர், எதிரொளிப்பைக் குறைக்கும் ஏ.ஆர். கோட்டிங்கைத் தாமாகவே சொல்லியிருக்க வேண்டும். கேட்ட பிறகும் மறுத்தவரிடம் மாற்றித் தரச் சொல்லி உறுதியாக நில்லுங்கள். அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: படச் சட்டத்துக்கு 4 மி.மீ. கண்ணாடிக்குப் பதில் 2 மி.மீ. போட்டால் பிரதிபலிப்பு பாதியாகுமா?

பதில்: ஆகாது. திருப்பி அனுப்புவது பரப்பு, தடிமன் அல்ல. எத்தனை மி.மீ. ஆனாலும் பரப்பு இரண்டுதான்.

கேள்வி: மொபைலுக்கு டெம்பர்டு கிளாஸ் ஒட்டினேன். நடுவில் நன்றாக இருக்கிறது, ஓரத்தில் மட்டும் வெள்ளி பூசியது போல ஒரு பட்டை. தேய்த்துக்கொண்டே இருந்தால் போய்விடும் என்கிறார் விற்றவர். தேய்த்து விரல் வலித்ததுதான் மிச்சம்.

பதில்: அந்தப் பட்டையில் பசை திரையைத் தொடவில்லை. பசை தொட்டிருக்கும் இடத்தில் கண்ணாடிக்கு 1.5, பசைக்குச் சுமார் 1.47. வித்தியாசம் 0.03 மட்டுமே என்பதால் திரும்பும் ஒளி பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அந்தப் பரப்பு இருப்பதே தெரியாது. பசை தொடாத இடத்திலோ நடுவில் காற்று. கண்ணாடியிலிருந்து காற்றுக்கு ஒரு 4 சதவீதம், காற்றிலிருந்து திரைக்கு இன்னொரு 4 சதவீதம். அந்த 8 சதவீதம்தான் உங்களுக்கு வெள்ளியாகத் தெரிகிறது.

பட்டையின் விளிம்பை உற்றுப் பாருங்கள். வானவில் நிறத்தில் மெல்லிய கோடுகள் தெரிந்தால், இடைவெளி அங்கே படிப்படியாகக் குறுகி பசையோடு சேர்கிறது என்று அர்த்தம். விரலால் அழுத்தும்போது கோடுகள் நகர்ந்து, விட்டதும் பழைய இடத்துக்கே வந்தால், கண்ணாடியின் வளைவும் திரையின் வளைவும் பொருந்தவில்லை. அதற்கு மேல் தேய்க்காதீர்கள். உங்கள் மாடலுக்கு என்று சொல்லித்தானே விற்றார்கள்? திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: ‘99.9% ஒளி ஊடுருவும்’ என்று கண்ணாடிப் பொருட்களின் பெட்டியில் போடுகிறார்களே, நம்பலாமா?

பதில்: இந்தக் கேள்வி எப்போது வரும் என்று காத்திருந்தேன். இந்த வரி என்னை எரிச்சலூட்டுவது போல வேறெதுவும் எரிச்சலூட்டுவதில்லை.

கோட்டிங் இல்லாத சாதாரண கண்ணாடி, இரண்டு பக்கமும் காற்று என்றால், 92-க்கு மேல் தரவே முடியாது. எவ்வளவு சுத்தமாக உருக்கினாலும், எவ்வளவு மினுமினுப்பாகத் தேய்த்தாலும் அதுதான் உச்சம். அப்படியானால் 99.9 எங்கிருந்து வருகிறது? கண்ணாடிக்கு உள்ளே நுழைந்துவிட்ட ஒளியில் எவ்வளவு உறிஞ்சப்படாமல் மறுபக்கம் சேர்கிறது என்று தனியாக ஒரு கணக்கு உண்டு. மெல்லிய, நல்ல கண்ணாடிக்கு அது 99-க்கு மேல் வருவது சாதாரணம். பரப்புகளில் போகும் 8 சதவீதத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டு, உள்கணக்கை மட்டும் பெட்டியில் அச்சடிப்பது வாங்குகிறவரைத் திசைதிருப்புவதுதான்.

கோட்டிங் இருந்தால் கதை வேறு. 1.38 ஒளிவிலகல் எண் கொண்ட மக்னீசியம் ஃப்ளோரைடை 100 நானோமீட்டர் அளவுக்குப் பூசுகிறார்கள். காற்றிலிருந்து பூச்சுக்குள் நுழையும்போது ஓர் எதிரொளிப்பு, பூச்சிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போது இன்னொன்று. இரண்டுமே சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்குப் போகும் இடங்கள் என்பதால், இரண்டிலும் மின்புலம் தலைகீழாகத் திரும்புகிறது. அந்த விஷயத்தில் இரண்டும் சமம். ஆனால் இரண்டாவது அலை பூச்சுக்குள் போய்வந்த தூரம் பச்சை ஒளிக்கு அரை அலைநீளம். ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் சேர்ந்து பெரும்பாலும் அழிந்துபோகின்றன. 4 சதவீதம் 1.4 ஆகக் குறைகிறது. முழுவதும் அழிய வேண்டுமானால் பூச்சின் எண் 1.5-இன் வர்க்கமூலமான 1.22 ஆக இருக்க வேண்டும். கீறலைத் தாங்கக்கூடிய அப்படியொரு திடப்பொருள் கிடைப்பதில்லை. அதனால்தான் நல்ல கோட்டிங்கில் பல அடுக்குகள் பூசுகிறார்கள். 99-ஐத் தாண்டுவது அவற்றால்தான்.

நான் வாங்கிய ஒரு கேமரா ஃபில்டரின் பெட்டியில் ‘மல்டி கோட்டட்’ என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தது. மேசையில் கறுப்புத் துணியை விரித்து, அதன் மேல் ஃபில்டரை வைத்து, தலைக்கு மேல் இருந்த வெள்ளை விளக்கின் பிம்பத்தைப் பார்த்தேன். ஃபில்டரைச் சற்றுச் சாய்த்ததும் பிம்பம் இரண்டாகப் பிரிந்தது, பரப்புக்கு ஒன்று. இரண்டும் பளிச்சென்று வெள்ளை. பக்கத்தில் வைத்த சாதாரண கண்ணாடித் துண்டிலும் அதே வெள்ளை, அதே பிரகாசம். கோட்டிங் என்று எதுவுமே இல்லை. விற்றவர் பெட்டியைப் பிரித்துவிட்டேன் என்று சொல்லி வாங்க மறுத்தார். பிரிக்காமல் எப்படிப் பார்ப்பது?

நீங்களும் அப்படியே செய்து பாருங்கள். உண்மையான கோட்டிங் என்றால் பிம்பம் மங்கும், கூடவே பச்சை அல்லது ஊதாச் சாயல் தெரியும். பூச்சின் தடிமன் ஒரு நிறத்துக்கே சரியாகப் பொருந்தும் என்பதால் மற்ற நிறங்கள் கொஞ்சம் மிஞ்சுகின்றன. சாயல் இருந்தும் மங்கவில்லை என்றால் நம்பாதீர்கள். ஒரு பிம்பம் மங்கி, மற்றது வெள்ளையாக நின்றால் ஒரு பக்கம் மட்டுமே பூசியிருக்கிறார்கள். முடிந்தவரை நேராகப் பார்க்க வேண்டும். மிகவும் சாய்த்துப் பார்த்தால் எந்தக் கண்ணாடியும் பளபளக்கும். மேலே சொன்ன கணக்கெல்லாம் நேர்ப்பார்வைக்கு.

கேள்வி: ஃபில்டரில் ஒரு பக்கம்தான் கோட்டிங் என்று பிரித்த பிறகுதான் பார்த்தேன். விவரத்தில் எழுதியிருந்தது, நான் படிக்கவில்லை. கோட்டிங் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டினால் அதிக ஒளி வருமா?

பதில்: வராது. சூத்திரத்தில் n1-ஐயும் n2-ஐயும் இடம் மாற்றிப் பாருங்கள், வர்க்கப்படுத்தியதும் அதே விடைதான். எந்தப் பக்கமிருந்து போனாலும் 94 அல்லது 95. எழுதியிருந்ததைப் படிக்காமல் வாங்கிவிட்டு விற்றவரைக் குறைசொல்வதற்கு என்னைத் துணைக்கு அழைக்காதீர்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற என் அப்பா, வைஃபை ரவுட்டருக்கு முன்னால் வைக்க ஒரு பிளாஸ்டிக் தகடு வாங்கியிருக்கிறார். ‘வெளியேறும் அலை 1.2 மடங்கு, இயற்பியல் பாடநூலில் உள்ளது’ என்று துண்டுச் சீட்டில் இருக்கிறது. சிக்னலில் ஒரு மாற்றமும் இல்லை. அப்பா தனக்குத்தான் வைக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பதில்: வைப்பதில் எந்தத் தவறும் இல்லை என்று முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள். நல்ல மனிதரை உண்மையான ஓர் எண்ணைக் காட்டியே ஏமாற்றியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது அதற்குத்தான்.

1.2 பாடநூலில் இருப்பது நிஜம். 1.5 எண் கொண்ட பொருளிலிருந்து காற்றுக்கு வெளியேறும் அலையின் மின்புலம், உள்ளே இருந்ததைப் போல 1.2 மடங்கு. ஆனால் காற்றிலிருந்து உள்ளே நுழைந்தபோது அது 0.8 மடங்காகக் குறைந்திருந்தது. சீட்டில் அந்த வரியை விட்டுவிட்டார்கள். இரண்டையும் பெருக்கினால் 0.96. ஆற்றல் மின்புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது 0.92. கண்ணாடிக்குச் சொன்ன அதே 92.

1.2-ஐ மட்டும் எடுத்தாலும் ஆற்றல் கூடுவதில்லை. ஒரே அளவு மின்புலம் 1.5 எண் கொண்ட பொருளுக்குள் காற்றில் உள்ளதைவிட 1.5 மடங்கு ஆற்றலைச் சுமக்கும். வெளியே 1.2-இன் வர்க்கம் 1.44, அதை 1.5-ஆல் வகுத்தால் 0.96. திரும்பிய 4 சதவீதத்தோடு கணக்கு நேராகிவிடுகிறது.

உங்கள் தகட்டில் அந்த இழப்புகூட இருக்காது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 செ.மீ.; தகடு சில மி.மீ. தடிமன்தான் இருக்கும். அவ்வளவு மெல்லிய தகட்டின் முன்பக்க, பின்பக்க எதிரொளிப்புகள் ஒன்றையொன்று ஏறக்குறைய அழித்துவிடும். முன்பக்கத்தில் புலம் தலைகீழாகிறது, பின்பக்கத்தில் ஆவதில்லை, இடைப்பட்ட தூரமோ மிகக் குறைவு. தடிமனை எப்படி மாற்றினாலும் இதுபோன்ற தகட்டைக் கடந்து போகும் ஆற்றல் நூற்றுக்கு நூறைத் தாண்டாது. அப்பா எந்த மாற்றத்தையும் காணாதது இதனால்தான்.

துண்டுச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், அதுதான் சாட்சி. புகாரில் 0.8 × 1.2 = 0.96 என்ற ஒரு வரியை எழுதி, முழுப் பணத்தையும் கேளுங்கள்.