சம்பளம் பற்றிப் பேச நேரம் கேட்பது – கடிதமும் பதிலும்

வணக்கம்,

மூன்று வருடமாக ஒரே நிறுவனத்தில் இருக்கிறேன். சென்ற ஜூனில் குழுவில் ஒருவர் விலகியபோது, அவர் பார்த்துவந்த மாதாந்திர அறிக்கைகளும் இரண்டு வாடிக்கையாளர் கணக்குகளும் என்னிடம் வந்தன. சம்பளம் அப்படியே இருக்கிறது. ஆண்டு மதிப்பீட்டுக்கு இன்னும் மூன்று மாதம் உண்டு. மேலாளருக்கு இப்படி ஒரு மெயில் எழுதி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன்:

"மதிப்பிற்குரிய சார், தங்கள் பொன்னான நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்கவும். ஒரு வருடமாக இரண்டு பேர் வேலையை நான் ஒருவனே செய்வது தாங்கள் அறிந்ததே. வீட்டுச் செலவும் கூடிவிட்டது. எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்கே என்னைவிட அதிகச் சம்பளம் என்று கேள்விப்படுகிறேன். குறைந்தது 30 சதவீதம் உயர்த்தினால்தான் என்னால் தொடர முடியும். தயவுகூர்ந்து பரிசீலிக்கவும்."

தொனி சரியாக இருக்கிறதா? இப்போதே அனுப்பலாமா, மதிப்பீடு வரை பொறுக்க வேண்டுமா?

– ர.

அன்புள்ள ர.,

உங்கள் மெயிலில் சந்திப்புக்கான கோரிக்கையே இல்லை. எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் பேசலாம் என்று ஒரு வரிகூட வரவில்லை. நேரடியாகச் சம்பள உயர்வையே கேட்டுவிட்டீர்கள். எழுத்தில் கேட்டால் எழுத்தில்தான் பதில் வரும். பெரும்பாலான நிறுவனங்களில் மேலாளரால் தனியாக 'சரி' சொல்ல முடியாது. அவர் தன் மேலதிகாரியிடமும் மனிதவளத் துறையிடமும் சொல்லி, நிதிப் பிரிவின் ஒப்புதலையும் வாங்க வேண்டியிருக்கும். அதனால் அவரிடமிருந்து வரக்கூடிய பத்திரமான பதில் 'பார்க்கிறேன்' என்பதுதான். அது வந்துவிட்டால் மறுபடி பேச்சை எடுக்க உங்களுக்கே கூச்சமாக இருக்கும்.

இதே காரணத்தால்தான் தொனியும் முக்கியமாகிறது. நான் குழுக்களை நடத்திய காலத்தில், சம்பளம் பற்றி வந்த மெயில்களில் பலவற்றை அப்படியே மேலே அனுப்பியிருக்கிறேன். எழுதியவர் முகம்கூடத் தெரியாத ஒருவர் அதைப் படித்துத் தன் கருத்தைச் சொல்வார். உங்கள் மெயிலையும் அவர் இடத்திலிருந்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

மன்னிப்பில் தொடங்குகிறீர்கள். கீழே இருப்பவரின் ஊதியம் பற்றிப் பேசுவது மேலாளரின் வேலைகளில் ஒன்று. அதற்கு மன்னிப்புக் கேட்டால், கேட்கக் கூடாததைக் கேட்பதுபோல ஆகிவிடுகிறது. நான்கே வரி தள்ளி 'உயர்த்தினால்தான் தொடர முடியும்' என்கிறீர்கள். மனுவும் எச்சரிக்கையும் ஒரே மெயிலில் இருந்தால், படிப்பவர் எச்சரிக்கையை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்வார். கையில் வேறு வேலை இருந்து, கிளம்பவும் மனம் தயாராக இருந்தாலொழிய அந்த வரி வேண்டாம்.

'இரண்டு பேர் வேலை' என்பதை மேலே இருப்பவரால் சரிபார்க்க முடியாது. ஜூன் முதல் இன்னின்ன அறிக்கைகள், இரண்டு கணக்குகள் என்றால் முடியும். உங்களிடம் இருப்பதிலேயே வலுவான சான்று அதுதான், அதைப் போய் புலம்பலாக மாற்றிவிட்டீர்கள். வீட்டுச் செலவு உண்மையான கஷ்டம், எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பதவிக்கான ஊதியத்தை அதைக் கொண்டு யாரும் நிர்ணயிப்பதில்லை, ஆகவே அது மேலே எடுத்துச் செல்லப்படாது.

சக ஊழியரின் சம்பளம்தான் மிகவும் ஆபத்தான வரி. அதைப் படித்ததும் மேலாளர் அந்த முடிவை நியாயப்படுத்தத் தொடங்குவார், உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று யோசிப்பார். பேச்சு உங்களை விட்டு அந்தச் சக ஊழியரிடம் போய்விடும். நேரில் பேசும்போது, 'இந்தப் பொறுப்புக்கு நிறுவனத்தில் ஊதிய வரம்பு எதிலிருந்து எதுவரை, நான் அதில் எங்கே இருக்கிறேன்?' என்று கேளுங்கள். அதே தகவலை யாரையும் இழுக்காமல் பெறும் கேள்வி அது. 30 சதவீதத்தையும் அந்த அறைக்கே வைத்துக்கொள்ளுங்கள். பொறுப்புகளை விளக்கிய பிறகு சொன்னால் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு காரணம் நிற்கும். மெயிலில் தனியாக நின்றால் மறுப்பதற்குத்தான் வசதி.

இவ்வளவையும் எடுத்துவிட்டால் மெயில் சிறிதாகிவிடும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"பொருள்: சம்பள மறுஆய்வு பற்றிப் பேச அரைமணி நேரம்

வணக்கம் சார்,

என் சம்பள மறுஆய்வு பற்றி உங்களிடம் நேரில் பேச விரும்புகிறேன். சென்ற ஜூன் முதல் மாதாந்திர அறிக்கைகளும் இரண்டு வாடிக்கையாளர் கணக்குகளும் கூடுதலாக என் பொறுப்பில் இருக்கின்றன. அதையொட்டி என் ஊதியத்தைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் செவ்வாய் அல்லது வியாழன் பிற்பகலில் அரைமணி நேரம் ஒதுக்க முடியுமா? வேறு நேரம் வசதி என்றால் சொல்லுங்கள். நான் பார்க்கும் வேலைகள் பற்றிய ஒரு பக்கக் குறிப்பை முந்தின நாளே அனுப்பிவிடுகிறேன்.

நன்றி."

பொருள் வரியிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டதைக் கவனியுங்கள். பலரும் கூச்சப்பட்டு 'கொஞ்சம் பேச வேண்டும்' என்று மட்டும் எழுதுகிறார்கள். அதைப் பார்த்த மேலாளர், ராஜினாமாவோ என்று பதறுவார். இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாமல் வந்து உட்காருவார், அன்று அவரால் எந்தப் பதிலும் தர முடியாது. விஷயம் முன்பே தெரிந்தால் உங்கள் ஊதிய வரம்பையும் குழுவின் நிதி நிலையையும் விசாரித்துவிட்டு வருவார். ஒரு பக்கக் குறிப்பும் அதற்காகத்தான். அவர் உங்களுக்காக மேலே பேசப் போகும்போது கையில் எடுத்துச் செல்ல ஒன்று வேண்டும். மனிதவளத் துறைக்கு நகல் வைக்காதீர்கள். மேலாளரிடம் பேசுவதற்கு முன்பே அவரைத் தாண்டிப் போனதாகத் தோன்றும்.

இப்போதே அனுப்புங்கள். மதிப்பீட்டு முடிவு கைக்கு வரும் நாளில் பணம் ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருக்கும். மேலாளர்கள் தங்கள் பரிந்துரையை அதற்குச் சில வாரங்கள் முன்பே கொடுத்துவிடுவது வழக்கம். அந்தப் பட்டியலை அவர் எழுத உட்காரும்போது உங்கள் குறிப்பு அவர் மேசையில் இருக்க வேண்டும். மூன்று மாதம் அதற்குப் போதுமான அவகாசம். வேலை தலைக்கு மேல் போகும் மாதக் கடைசியை மட்டும் தவிருங்கள்.

ஒரு வாரம் பதில் இல்லையென்றால், அதே மெயிலுக்குக் கீழே 'இந்த வாரம் ஏதாவது நேரம் அமையுமா?' என்று ஒரே வரி எழுதுங்கள். முதல் கடிதத்தை மறுபடி விளக்க வேண்டாம். 'மெயிலிலேயே சொல்லிவிடேன்' என்றால் குறிப்பை அனுப்பிவிட்டு, 'இதைப் பார்த்த பிறகு பதினைந்து நிமிடம் பேசலாமா?' என்று கேளுங்கள். 'இந்த வருடம் நிதி இல்லை' என்று வந்தால்தான் பலர் சோர்ந்து நிறுத்திவிடுகிறார்கள். அப்போதும் சந்திப்பைக் கைவிடாதீர்கள். அடுத்த மறுஆய்வு எப்போது, அதற்குள் உங்களிடம் அவர் எதைப் பார்க்க விரும்புகிறார், அதுவரை இந்தக் கூடுதல் பொறுப்புகள் யாரிடம் இருக்கும் என்று கேட்க அந்த அரைமணி நேரம் தேவை. கடைசிக் கேள்வியைக் கோபமில்லாமல் கேளுங்கள். அது நியாயமான கேள்வி, அவரும் பதில் சொல்லியாக வேண்டியது.

சந்திப்பு முடிந்த அன்று மாலையே நான்கு வரியில் ஒரு நன்றி மெயில் அனுப்பி, பேசியதில் எது முடிவானது, யார் எந்தத் தேதிக்குள் என்ன செய்வது என்று எழுதிவிடுங்கள். மேலாளர் மாறினாலும் அந்த மெயில் உங்களிடம் இருக்கும்.