நோட்டுப் பக்கத்தில் ஆறு வரிகள், சராசரி விலை மூன்று

மதிப்பிற்குரிய ஐயா,

என் அப்பா 2021 முதல் 2023 வரை ஒரே நிறுவனத்தின் பங்குகளை ஆறு தடவையாக வாங்கி, ஒரு நோட்டில் தேதி வாரியாக எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தைத் தம்பி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான், இத்துடன் இணைத்துள்ளேன். நான் எடுத்தெழுதியது: 512.00 விலையில் 20, 486.50-இல் 15, 431.25-இல் 40, 468.00-இல் 10, 388.40-இல் 15, 402.75-இல் 40. ஆறு விலைகளையும் கூட்டி ஆறால் வகுத்தால் 448.15 வருகிறது. எண்ணிக்கையோடு பெருக்கிப் பார்த்தால் 438.60 வருகிறது. அப்பாவின் புரோக்கர் செயலியோ 423.54 என்கிறது. எது சரி? 50 பங்குகளை 450 ரூபாய்க்கு விற்க அப்பா நினைக்கிறார். லாபம் எவ்வளவு என்று அவருக்குச் சொல்ல வேண்டும்.

ரா., பெரம்பூர்

அன்புள்ள ரா.,

செயலி காட்டுவதுதான் சரி. உங்கள் இரண்டாவது கணக்கில் முறை சரியாக இருக்கிறது. படத்திலிருந்து எடுத்தெழுதிய ஓர் எண் மட்டும் தவறு. முதல் கணக்கில் முறையே தவறு.

முதல் கணக்கை விரைவாகப் பார்த்துவிடலாம். ஆறு விலைகளைக் கூட்டி ஆறால் வகுக்கும்போது, 468 ரூபாய்க்கு வாங்கிய 10 பங்குகளுக்கும் 402.75 ரூபாய்க்கு வாங்கிய 40 பங்குகளுக்கும் ஒரே மதிப்பைக் கொடுத்துவிடுகிறோம். உங்கள் அப்பா விலை உயர்ந்திருந்தபோது குறைவாகவும், இறங்கிய பிறகு அதிகமாகவும் வாங்கியிருக்கிறார். ஆகவே அவருடைய பணத்தின் பெரும்பகுதி குறைந்த விலைகளில்தான் போயிருக்கிறது. எளிய சராசரிக்கு அது தெரியாது. ஒவ்வொரு வரியிலும் எண்ணிக்கையை விலையால் பெருக்கி, வந்த தொகைகளையெல்லாம் கூட்டி, மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுப்பதுதான் எடையிட்ட சராசரி. சுருங்கச் சொன்னால், கையை விட்டுப் போன மொத்தப் பணத்தைக் கைக்கு வந்த மொத்தப் பங்குகளால் வகுக்கிறோம்.

இனி 438.60 எப்படி வந்தது என்று பார்ப்போம். உங்கள் பட்டியலில் உள்ள எண்ணிக்கைகளைக் கூட்டினால் 140 வருகிறது. செயலியில் சராசரி விலைக்குப் பக்கத்திலேயே கையிருப்பு எண்ணிக்கையும் இருக்கும். அது 200 என்று காட்டும் என்பது என் கணிப்பு. இடைவெளி 60. பத்தின் இடத்தில் இருக்கும் 7-ஐ 1 என்று வாசித்தால் மிகச் சரியாக 60 குறையும். கையெழுத்தில் இந்த இரண்டு இலக்கங்களும்தான் அடிக்கடி ஆள்மாறாட்டம் செய்கின்றன. உங்கள் பட்டியலில் 15 என்பது இரண்டு இடங்களில் வருகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டாம் வரியின் 1 நேரான ஒற்றைக் கோடாக இருக்கிறது. ஐந்தாம் வரியில் அந்தக் கோட்டின் தலையில் இடப்பக்கமாக ஒரு சிறிய கொக்கி இருக்கிறது. அதை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டியதில்லை. வலது ஓரத்தில், தம்பியின் கட்டைவிரல் நிழல் பாதி மறைத்த இடத்தில், அப்பா தொகையையும் எழுதியிருக்கிறார். ஐந்தாம் வரிக்கு நேராக 29,130 என்பது தெரிகிறது. 29,130-ஐ 388.40-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 75 வருகிறது. 15 பங்குகள் என்றால் தொகை 5,826-தான் இருந்திருக்கும்.

75 என்று திருத்தினால் வரிவாரியாகத் தொகைகள் 10,240, 7,297.50, 17,250, 4,680, 29,130, 16,110 என்று அமைகின்றன. கூட்டுத்தொகை 84,707.50 ரூபாய். அதை 200-ஆல் வகுத்தால் 423.5375. செயலி அதை 423.54 என்று முழுமையாக்கிக் காட்டுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, தவறான 438.60 பார்வைக்குச் சந்தேகமே தராத விடை என்பது. மிகக் குறைந்த விலைக்கும் மிக உயர்ந்த விலைக்கும் நடுவில் சராசரி இருக்க வேண்டும் என்ற சோதனையில் அது தேறிவிடும். கால்குலேட்டரில் திரும்பத் திரும்பப் போட்டாலும் அதே விடைதான் வரும். கூட்டல் பெருக்கலைச் சரிபார்க்க எனக்குப் பிடித்த வழி, 400 போன்ற ஒரு வசதியான எண்ணை அடிப்படையாக வைத்து, ஒவ்வொரு விலையும் அதற்கு எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்பதை மட்டும் எண்ணிக்கையால் பெருக்குவது. இங்கே 2,240, 1,297.50, 1,250, 680, கழித்தல் 870, 110 என்று வந்து, நிகரமாக 4,707.50 நிற்கிறது, 200-ஆல் வகுத்தால் 23.5375, அதோடு 400-ஐச் சேர்த்தால் அதே 423.5375. சிறிய எண்களாக இருப்பதால் கையாலேயே போடலாம். ஆனால் இது கணக்குப் பிழையைத்தான் பிடிக்கும். வாசிப்புப் பிழையைப் பிடிக்காது. வாசிப்புப் பிழையைப் பிடிக்க, படத்துக்கு வெளியிலிருந்து ஓர் எண் வேண்டும்.

எண்ணிக்கைக்கு அந்த வெளி எண் எளிதில் கிடைக்கிறது: டீமேட் கணக்கின் கையிருப்பு. பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். நிறுவனம் மின்னஞ்சலில் அனுப்பும் ஒருங்கிணைந்த அறிக்கையிலும் அது இருக்கும். அதோடு பொருந்தும்வரை சராசரியைக் கணக்கிடத் தொடங்கவே கூடாது என்பேன். எல்லா வரிகளையும் சரியாக வாசித்த பிறகும் கையிருப்பு அதிகமாக இருந்தால், இடையில் போனஸ் பங்கோ முகமதிப்புப் பிரிப்போ நடந்திருக்கலாம். வாங்கியதை மட்டும் எழுதும் நோட்டில் அது ஏறியிருக்காது.

விலைகளுக்கு ஒவ்வொரு வரியாகத்தான் பார்க்க வேண்டும். நோட்டில் தேதி இருப்பதால், பங்குச் சந்தையின் இணையதளத்தில் அந்த நாளின் உச்ச விலையும் தாழ்ந்த விலையும் கிடைக்கும். எழுதிய விலை அவற்றுக்கு நடுவில் இருக்க வேண்டும். தவிரவும், அந்த ஆண்டுகளில் 400 ரூபாய் மட்டத்திலிருந்த பங்குகளின் விலை 5 காசுகளின் மடங்காகவே நகர்ந்தது. 431.25 என்பது 431.28 என்று தெரிந்தால், பல துண்டுகளாக நிறைவேறிய ஆர்டரின் சராசரியாக இருந்தாலொழிய, வாசிப்பைச் சந்தேகிக்கலாம்.

எந்த வரியில் அதிகக் கவனம் வேண்டும் என்பதையும் எண்ணிக்கையே சொல்லிவிடும். 10 பங்குகள் உள்ள வரியில் 468-ஐ 463 என்று வாசித்தால் சராசரி 25 காசுதான் நகரும். 75 பங்குகள் உள்ள வரியில் 388.40-ஐ 338.40 என்று வாசித்தால் 18.75 ரூபாய் நகர்ந்துவிடும். இரண்டும் 3-க்கும் 8-க்கும் இடையிலான அதே குழப்பம்தான்.

அடுத்த முறை படத்தை வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பாமல், ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். புகைப்படமாக அனுப்பினால் அது சுருக்கப்படுகிறது. பால்பாயிண்ட் பேனாவால் வைத்த தசமப் புள்ளிதான் முதலில் காணாமல் போகும்.

விரிதாளில் செய்வதென்றால், B பத்தியில் எண்ணிக்கையும் C பத்தியில் விலையும் இருக்கும்போது இந்த ஒரு வரி போதும்:

```
=SUMPRODUCT(B2:B7,C2:C7)/SUM(B2:B7)
```

படத்திலிருந்து எழுத்துகளைத் தானாகப் பிரித்தெடுக்கும் வசதியைப் பயன்படுத்தி ஒட்டினால் ஓர் ஆபத்து உண்டு. 388.40 என்பதன் கடைசிப் பூஜ்யம் ஆங்கில எழுத்தான O என்று வந்துவிட்டால், அந்தக் கட்டத்தை விரிதாள் எண்ணாகக் கொள்ளாமல் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளும். பிழை என்று எச்சரிக்கவும் செய்யாது. மேலே தொகை குறையும், கீழே 75 பங்குகள் அப்படியே இருக்கும், விடை 277.89 என்று வரும். அது உங்கள் மிகக் குறைந்த விலையைவிடக் கீழே இருப்பதால், முன்பு உதவாத அந்த நடுவில்-இருக்கிறதா சோதனை இங்கே உதவும்.

இனி விற்பனைக்கு வருகிறேன். விற்கலாமா என்று நான் சொல்வதற்கில்லை. லாபம் எவ்வளவு என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். சராசரியை வைத்துப் பார்த்தால் 50 பங்குகளில் 1,323 ரூபாய் லாபம் போலத் தெரியும். வருமான வரிக்கு அந்தக் கணக்கு செல்லாது. டீமேட் கணக்கில் முதலில் வந்த பங்கே முதலில் விற்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும். மத்திய நேரடி வரிகள் வாரியம் 1998-இல் வெளியிட்ட சுற்றறிக்கை இதைத் தெளிவாக்கியது. அதன்படி விற்கப்படுபவை 512 ரூபாய்ப் பங்குகள் 20, 486.50 ரூபாய்ப் பங்குகள் 15, 431.25 ரூபாய்ப் பங்குகளில் 15. இவற்றின் அடக்கவிலை 24,006.25. விற்பனைத் தொகை 22,500. ஆகவே வரிக்கணக்கில் இது 1,506.25 ரூபாய் நட்டம். அப்பாவுக்கு இரண்டு டீமேட் கணக்குகள் இருந்தால், இந்த வரிசையைக் கணக்குவாரியாகத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

செலவுகளை இதில் சேர்க்கவில்லை. வாங்கும்போது பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம், இவை இரண்டும் சேர்ந்து உங்கள் சராசரியில் பங்குக்கு ஏறத்தாழ அரை ரூபாயைக் கூட்டும். தரகுக் கட்டணம் வேறு. கைக்காசு எவ்வளவு போனது என்று அறிய எல்லாவற்றையும் சேர்க்கலாம். ஆனால் மூலதன ஆதாயக் கணக்கில் பரிவர்த்தனை வரியைக் கழிக்க அனுமதி இல்லை. சரியான தொகைகள் புரோக்கர் அனுப்பும் ஒவ்வொரு கான்ட்ராக்ட் நோட்டிலும் இருக்கும்.

விற்ற மறுநாள் செயலியைத் திறந்து அப்பா திடுக்கிடக்கூடும் என்பதால் இதையும் சொல்லி வையுங்கள். அந்த புரோக்கரும் முதலில் வந்தது முதலில் போகும் முறையைப் பின்பற்றினால், மீதி 150 பங்குகளின் சராசரி 423.54-இலிருந்து 404.68-ஆகக் குறைந்திருக்கும். விலை உயர்ந்த பழைய பங்குகள் கணக்கிலிருந்து வெளியேறியதே காரணம், மிச்சமுள்ள 60,701.25 ரூபாயை 150-ஆல் வகுத்து அதை அவரே சரிபார்த்துக்கொள்ளலாம்.