வரவேற்பில் தனியாக நிற்பது எப்படி? கேள்வி பதில்

ஹோட்டல் விருந்துக்கூடங்களில் பரிமாறும் ஆட்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவன் நான். கேளுங்கள், சொல்கிறேன்.

கேள்வி: கணவர் வண்டியை நிறுத்தப் போய்விடுவார். அவருடைய நண்பர் வீட்டு வரவேற்பு, எனக்கு ஒரு முகமும் தெரியாது. எங்கே நிற்பது அண்ணா?

வாசலில் மட்டும் நிற்காதேம்மா. பன்னீர் தெளிக்கிற இடத்தில் தேங்கினால், வருகிறவர்கள் உன்னைப் பெண் வீட்டுக்காரி என்று நினைத்துக் கும்பிடுவார்கள். சாப்பாட்டுக்கூடத்துக் கதவோரம் நின்றால் பந்தியில் இடம் பிடிக்க நிற்பதாகத் தோன்றும். ஜூஸ் கவுண்டரில் ஒரு தம்ளர் வாங்கிக்கொண்டு நாலைந்து எட்டு தள்ளி, மேடையும் வாசலும் கண்ணில் படுகிற மாதிரி நில். தம்ளர் இடது கையில் இருக்கட்டும். சில்லென்று நனைந்த வலது கையை யாரிடமும் நீட்ட முடியாது.

அப்புறம் கூட்டத்தைப் பார். இரண்டு பேர் நேருக்கு நேர் நெருங்கி நின்றால் பெரும்பாலும் சொந்தப் பேச்சு, போகாதே. மூன்று நான்கு பேர் அரைவட்டமாக நின்று ஒரு பக்கம் இடம் விட்டிருந்தால் போகலாம். மேடைக்குப் போகும் வரிசை இன்னும் வசதி. முன்னால் நிற்பவருக்கும் அந்த நேரத்தில் வேலை இல்லை. “நீங்க மாப்பிள்ளை பக்கமா?” என்று கேட்டால் போதும். மேடையில் ஒருவர் ஆட்களைப் பெயர் சொல்லி அழைத்து போட்டோவுக்கு நிறுத்திக்கொண்டிருப்பார். அவர் முகத்தைப் பார்த்து வைத்துக்கொள். அங்கே யார் யார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: போன் பார்த்துக்கொண்டு நிற்கலாமா?

வேண்டாம். குனிந்த தலைக்கு எங்கள் ஆள்கூடத் தட்டை நீட்டத் தயங்குவான்.

கேள்வி: யாரும் நம்மைக் கவனிப்பதே இல்லை சார். 2000இல் வந்த கார்னெல் பல்கலைக்கழக ஆய்வில், பாடகர் படம் போட்ட டீ-ஷர்ட்டோடு மாணவர்களை அறைக்குள் அனுப்பினார்கள். சுமார் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். கவனித்தது கால்வாசிப் பேர்தான். போன் பார்த்தால் என்ன?

சரி, தனியாக நிற்கப் பயப்படாதே என்றுதானே அதற்கு அர்த்தம்? போனுக்குள் ஒளிந்துகொள் என்று இல்லையே. அந்தக் கால்வாசியில் நாங்கள் உண்டு. காலித் தம்ளரோடு ஒரே வட்டத்தை மூன்றாவது முறை சுற்றுபவரைத் தட்டு ஏந்தும் பையன்கூடக் கண்டுபிடித்துவிடுவான்.

கேள்வி: அவன் கண்டுபிடித்தால் எனக்கென்ன நஷ்டம்?

ஒன்றுமில்லை. உங்களைத் தேடுகிற பழைய நண்பர் தாண்டிப் போவதைப் பார்க்கமாட்டீர்கள், அதுதான் நஷ்டம். எனக்கு நண்பரே வேண்டாம் என்றால் உங்கள் கட்சி சரி.

கேள்வி: எனக்கு இடது காது மந்தம். கச்சேரிச் சத்தத்தில் ஒன்றும் புரிவதில்லை.

இடது காது ஸ்பீக்கர் பக்கம் இருக்கும்படி, எவ்வளவு முடியுமோ அவ்வளவு தள்ளி நில்லுங்கள். பேசவருகிறவர் தானாக வலப்பக்கம் வருவார். வராவிட்டால் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மொய் எவ்வளவு வைக்கலாம்?

வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: வாட்ஸப் மட்டும் பார்க்கலாமா?

வாட்ஸப்பும் போனில்தானே இருக்கிறது? எங்கே நிற்கிறீர்கள் என்று கூட வருபவருக்கு அனுப்பிவிட்டுப் பையில் போடுங்கள்.